மென்பொருள் பொறியியலாளர் பதவி: வீட்டு ஒப்படை தொடர்பாக

வணக்கம்,

மருத்துவர் முன்பதிவுத் தளம் ஒன்றை உருவாக்குமாறு நேற்று அனுப்பிய ஒப்படைக்கு நன்றி. இந்தப் பதவியில் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு.

ஒப்படையைப் பகுதி பகுதியாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். பயனர் உள்நுழைவுக்கு 4 மணித்தியாலம், முன்பதிவுக்கு 8, கட்டண இணைப்புக்கு 7, நிர்வாகப் பக்கத்துக்கு 6, சோதனைகளுக்கும் சேர்வரில் ஏற்றுவதற்கும் 5 என மொத்தம் 30 வருகிறது. முழுநேர வேலையோடு, கொடுப்பனவு இல்லாமல், 5 நாளில் இதைச் செய்ய என்னால் இயலாது. அவசரத்தில் அரைகுறையாகத் தருவதிலும் விருப்பமில்லை.

பதிலாக, முன்பதிவுப் பகுதியின் மையத்தை மட்டும் 2 மணித்தியாலத்தில் செய்து தரலாமா? ஒரே நேரத்தை இருவர் ஒருங்கே பதிவு செய்ய முயன்றால் ஒருவருக்கே கிடைக்க வேண்டும். இந்த ஒப்படையில் மிகக் கடினமான இடம் அதுதான். தரவுத்தளத்தில் மருத்துவர், நேரம் இரண்டுக்கும் சேர்த்து `UNIQUE` கட்டுப்பாடு, அதைச் சரிபார்க்க 3 சோதனைகள், முடிவுகளை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு ஞாயிறு இரவுக்குள் அனுப்புவேன்.

நேரலையில் பார்க்க விரும்பினால், செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6.30க்குப் பிறகு சூமில் 60 நிமிடம் உங்கள் பொறியியலாளருடன் சேர்ந்து எழுதலாம்.

எது வசதி என்று வெள்ளிக்கிழமைக்குள் அறியத் தாருங்கள். முழு ஒப்படையும் கட்டாயமெனில் அதையும் சொல்லுங்கள். என் விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
விண்ணப்பதாரர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்