சாதாரண ஃபேனா, பி.எல்.டி.சி ஃபேனா? செல்லூர் மாடி வீட்டில் இரண்டு வாரம் அளந்து பார்த்தது

[காட்சி: மாடி அறை. கொக்கியில் வெள்ளை ஃபேன் சுற்றுகிறது. தரையில் காபி கலர் ஃபேன்.]

வணக்கம். மதுரையில் பங்குனி பாதி தாண்டினால் ஃபேன் காற்றே அனல் மாதிரிதான் வரும். மேலே ஓடுவது பி.எல்.டி.சி, அதாவது குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன், விலை 2,950 ரூபாய். கீழே இருப்பது சாதாரண ஃபேன், 1,650. இரண்டையும் டவுன் ஹால் ரோட்டில் ஒரே கடையில் என் காசில் வாங்கினேன். யாரும் இலவசமாகத் தரவில்லை. பெட்டியில் இருக்கும் பெயரை மறைத்திருக்கிறேன். வகைக்கு ஒரு ஃபேனை மட்டும் அளந்துவிட்டு ஒரு கம்பெனிக்கே மார்க் போடுவது நியாயமில்லை.

இரண்டுக்கும் இறக்கை அளவு 1,200 மில்லிமீட்டர். மாட்டியது ஒரே கொக்கியில், ஒரே ராடில்.

[காட்சி: பிளக்கில் செருகிய மீட்டர், நெருக்கமாக.]

ஃபேன் வயரில் ஒரு பிளக் டாப் போட்டு, இந்த மீட்டர் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். முழு வேகத்தில் சாதாரண ஃபேன் 74 வாட். பி.எல்.டி.சி 31. பத்து நாளில் இந்த எண்கள் ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் நகரவில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாதாரண மோட்டாரில் சுற்றும் பகுதிக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. அதைக் காந்தமாக்கவே கொஞ்சம் கரண்ட் செலவாகி, சூடாக வீணாகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி நடுவில் கை வைத்தால் அந்தச் சூடு தெரியும். பி.எல்.டி.சியில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அதனால் அந்தச் செலவு இல்லை.

சரி, காற்று?

[காட்சி: கட்டில் மேல் சாக்பீஸால் ஒன்பது புள்ளிகள். கையில் காற்றுவேக மானி.]

ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாதாரண ஃபேனைச் சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டரோடு அளந்துவிட்டேன். முழுசாகத் திருப்பியும் காற்று மந்தமாக வந்தது. பாவம், ஃபேன் மேல் குற்றமில்லை. அந்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரெகுலேட்டர் இல்லாமல் மறுபடி எடுத்தேன்.

ஒன்பது புள்ளியின் சராசரி: சாதாரணம் நொடிக்கு 1.9 மீட்டர், பி.எல்.டி.சி 1.8. உடனே சாதாரணம் ஜெயித்தது என்று தலைப்பு வைத்துவிடலாம்தான். ஆனால் ஒரே ஃபேனை நிறுத்திப் போட்டு மூன்று முறை அளந்தாலே 0.2 வரை மாறுகிறது. அப்படியிருக்க, இந்த 0.1 கணக்கில் வராது. இருட்டில் எது ஓடுகிறது என்று சொல்லாமல் அம்மாவைப் படுக்க வைத்துக் கேட்டேன். "எது ஓடுனா என்னடா, கரண்ட் நிக்காம இருந்தா சரி" என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. இரவு எட்டு மணிவாக்கில் எங்கள் தெருவில் வோல்டேஜ் 198க்கு இறங்கியது. சாதாரண ஃபேன் காற்று 1.6க்கு வந்துவிட்டது, பி.எல்.டி.சி அசையவில்லை. இது இரண்டே இரவு பார்த்தது. உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்காது என்றால் இது உங்களுக்குத் தேவையே இல்லாத செய்தி.

[காட்சி: நோட்டில் கணக்கு.]

இப்போது காசு. வித்தியாசம் 43 வாட். நாளுக்கு 12 மணி நேரம், 60 நாள் என்றால் சுமார் 31 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீடு அந்த நூறுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா? அப்படியானால் பி.எல்.டி.சி மாட்டி மிச்சமாவது பைசா இல்லை. நூறைத் தாண்டுகிறவர்கள் பில்லில் தங்களுடைய மேல் ஸ்லாப் விலையைப் பாருங்கள். பேச்சுக்கு யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் ஒரு பில்லுக்கு 155 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 1,300 திரும்பி வர ஏறக்குறைய ஒன்றரை வருஷம். ஆறு மணி நேரம்தான் ஓடும் என்றால் மூன்று வருஷம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. பில் எவ்வளவு வந்தாலும், கரண்ட் போன ராத்திரியில் பேட்டரியிலிருந்து பாதிக்கும் குறைவாக எடுக்கும் ஃபேன்தான் பெரிசு.

ரிப்பேரில் சாதாரண ஃபேன் கை ஓங்கியிருக்கிறது. கண்டென்சர் போனால் தெருமுனை எலக்ட்ரீசியன் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். பி.எல்.டி.சியில் போர்டு போனால் அதே மாடலுக்கான போர்டு வேண்டும். வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு எத்தனை வருஷம், போர்டுக்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாகப் பாருங்கள். என் அட்டையில் இரண்டும் ஒன்றில்லை.

எது அதிக நாள் உழைக்கும்? இரண்டு வாரத்தில் அதைச் சொல்ல முடியாது. சத்தத்தையும் அளக்கவில்லை. ரோட்டில் ஷேர் ஆட்டோ போய்க்கொண்டே இருக்கும்போது எதை அளப்பது?

[காட்சி: காபி கலர் ஃபேன் ஹாலில் சுற்றுகிறது.]

எங்கள் வீட்டு பில் நூறு யூனிட்டைத் தாண்டும், இன்வெர்ட்டரும் உண்டு. அதனால் வெள்ளை ஃபேன் மாடியிலேயே இருக்கட்டும். இது ஹாலுக்கு வந்துவிட்டது, இங்கே மாலையில் மூன்று மணி நேரம்தான் ஓடும். அடுத்த சித்திரையில் இரண்டையும் தூசியோடு கழற்றி, இதே மீட்டரில் மறுபடி அளக்கிறேன்.