விழா மலருக்கான மேற்கோள் அட்டவணை

அக்காவுக்கு வணக்கம்.

பொங்கல் மலருக்கும் அரங்கத்தில் மாட்டும் பலகைகளுக்கும் என்று எல்லாரும் அனுப்பிய மேற்கோள்களை அட்டவணையாக்கிவிட்டேன். நோட்டிலிருந்து எழுதியவை, வாட்ஸ்அப்பில் வந்தவை, போன வருஷப் பலகையில் இருந்தவை எல்லாம் கலந்து கிடந்தன. பலவற்றில் பெயர் மட்டும் இருந்தது, எங்கே சொன்னார் என்பது இல்லை. மூலம் என்ற கட்டத்தை நிரப்ப முடிந்ததை மட்டுமே அட்டவணையில் சேர்த்தேன்.

| மேற்கோள் | சொன்னவர் | மூலம் | பொருள் |
|---|---|---|---|
| யாதும் ஊரே யாவரும் கேளிர் | கணியன் பூங்குன்றனார் | புறநானூறு 192 | ஒற்றுமை |
| ஒன்றே குலமும் ஒருவனே தேவனும் | திருமூலர் | திருமந்திரம் | ஒற்றுமை |
| தென்னாப்பிரிக்கா அதில் வாழும் எல்லாருக்கும், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும், சொந்தம் | மக்கள் மாநாடு (தனி ஒருவர் அல்ல) | விடுதலைச் சாசனம், கிளிப்டவுன், 26.6.1955 | ஒற்றுமை |
| அந்த இலட்சியத்துக்காக, தேவையானால், உயிரைக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன் | நெல்சன் மண்டேலா | ரிவோனியா வழக்கில் நீதிமன்ற உரை, 20.4.1964 | உரிமை |
| தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் பிடிக்காது? | தில்லையாடி வள்ளியம்மை | காந்தியின் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்’ | உரிமை |
| நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் | மோ. க. காந்தி | ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ், 1913 | ஒழுக்கம் |
| கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக | திருவள்ளுவர் | குறள் 391 | கல்வி |
| யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன் சாந்துணையும் கல்லாத வாறு | திருவள்ளுவர் | குறள் 397 | கல்வி |
| திரைகடல் ஓடியும் திரவியம் தேடு | ஔவையார் | கொன்றை வேந்தன் | கடல் கடந்த வாழ்வு |
| கரும்புத் தோட்டத்திலே – ஆ! கரும்புத் தோட்டத்திலே | பாரதியார் | ‘பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்’ | கடல் கடந்த வாழ்வு |
| தேமதுரத் தமிழோசை உலகமெலாம் பரவும்வகை செய்தல் வேண்டும் | பாரதியார் | ‘யாமறிந்த மொழிகளிலே’ எனத் தொடங்கும் பாடல் | மொழி |
| தமிழன் என்று சொல்லடா தலைநிமிர்ந்து நில்லடா | நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை | அவருடைய பாடல் | மொழி |

வள்ளியம்மை வரியைக் கவனியுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்துபோனாள். அவள் எழுதிவைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. சிறைக்குப் போனதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டபோது அவள் சொன்ன பதிலைக் காந்திதான் பதிவு செய்தார். அதனால் சொன்னவர் அவள், மூலம் அவர். பலகையில் இரண்டு பெயரும் வரவேண்டும். பழைய பலகையில் காந்தி பெயர் மட்டும் இருந்தது, இந்த முறை அப்படி வேண்டாம்.

கரும்புத் தோட்டப் பாட்டு நேட்டாலைப் பற்றியது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் தெற்கு மாகடலுக்கு நடுவே ‘கண்ணற்ற தீவினிலே’ என்று பாட்டே சொல்கிறது. அது பிஜி. டர்பன் கரும்புக் காட்டுப் படத்தோடு சேர்த்து அச்சடிப்பதானால் கீழே ‘பிஜித் தீவைப் பற்றிய பாட்டு’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

விட்டுவிட்டவை மூன்று. ‘நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பதைக் காந்தி சொன்னதாக எந்தப் பதிவும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் ஃபீனிக்ஸில் அச்சான அவருடைய இதழிலிருந்து அந்த 1913 வரியை எடுத்தேன், கருத்தும் கிட்டத்தட்ட அதுதான். ‘நம்முடைய ஆழமான பயம்’ என்று தொடங்குவதை மண்டேலா 1994 பதவியேற்பில் பேசியதாக அனுப்பியிருந்தார்கள். அது மரியன் வில்லியம்சன் 1992-இல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ளது, மண்டேலா உரையில் இல்லை. அப்துல் கலாம் பெயரில் வந்த ஒன்றுக்கு எங்கே தேடியும் மூலம் கிடைக்கவில்லை.

பொருள் கட்டத்தில் ஒரு வரிக்கு ஒரே சொல்தான் போட்டிருக்கிறேன். இரண்டு மூன்று போட்டால் எக்செலில் வடிகட்டும்போது ஒரே மேற்கோள் எல்லாத் தலைப்பிலும் வந்து நிற்கும். ‘யாதும் ஊரே’யைக் கடல் கடந்த வாழ்வில் போடச் சொல்வார்கள். என் கணக்கில் அது ஒற்றுமைதான். உங்களுக்கு வேறு தோன்றினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

குறளையும் மற்றத் தமிழ் வரிகளையும் அப்படியே கொடுத்திருக்கிறேன். மண்டேலா, சாசனம், வள்ளியம்மை, 1913 வரி நான்கும் ஆங்கிலத்திலிருந்து நான் தமிழாக்கியவை. மலரில் அவற்றின் கீழே ‘தமிழாக்கம்’ என்று அச்சிடுங்கள். ஒழுக்கம் தலைப்பில் ஒன்றுதான் சேர்ந்திருக்கிறது, பலகை ஐந்து என்றால் அதைக் கல்வியோடு சேர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.