விளையாட்டுத் திடலின் புதிய ரப்பர் தரை: பள்ளி முதல்வருக்கு ஒரு பெற்றோரின் கடிதம்

அனுப்புநர்:
மா. செல்வகுமார்,
(இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை),
இராயக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
பள்ளி முதல்வர் அவர்கள்.

நாள்: 23.06.2025

பொருள்: விளையாட்டுத் திடலில் போட்டிருக்கும் ரப்பர் தரையின் மூலப்பொருள், பாதுகாப்புச் சான்று பற்றிய விவரம் கேட்டல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கோடை விடுமுறையில் சறுக்குமரம், ஊஞ்சல் பக்கம் மண்ணுக்குப் பதிலாக ரப்பர் தரை போட்டிருக்கிறீர்கள். விழுந்தால் முட்டி தேயாது என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். நல்ல நோக்கத்தில் செய்த வேலைதான், அதில் சந்தேகமில்லை.

ஊஞ்சலுக்கு நேர் கீழே மட்டும் சிவப்பு மேல்பூச்சு பெயர்ந்து, அடியிலிருக்கும் கறுப்புத் துகள் உதிர்கிறது. மகளின் சாக்ஸில் ஒட்டி வந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். துகளோடு நைலான் நூல் பிசிறும், தலைமுடி அளவு கம்பித் துண்டு ஒன்றும் கிடந்தன. நான் லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருப்பவன். பழைய டயரை அரைத்தால் இப்படித்தான் வரும். அதற்காக அது கெடுதல் என்று நான் முடிவு கட்டவில்லை. பல நாடுகளிலும் அடி அடுக்குக்கு டயர் துகளைத்தான் போடுகிறார்கள். ஆனால் டயர் ரப்பரில் துத்தநாகம், எண்ணெய் வழி வரும் பிஏஎச் என்னும் வேதிப்பொருள்கள் எல்லாம் இருக்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. விளையாட்டுத் திடலில் உதிரியாகப் போடும் துகளில் அப்படிப்பட்ட எட்டு பிஏஎச்களின் மொத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆகஸ்டு முதல் வரம்பு வைத்திருக்கிறது. நம் தரையில் எவ்வளவு இருக்கிறது என்பதே என் கேள்வி.

எனவே மேல் அடுக்கு இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரா, அடி அடுக்கு எந்தத் துகள், ஒட்டுவதற்கு எந்தப் பசை என்பதை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் வாங்கித் தரவும். கூடவே பிஏஎச், ஈயம், காட்மியம் அளவு காட்டும் ஆய்வக அறிக்கையின் நகலும் வேண்டும். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தந்ததாக, நமக்கு வந்த சரக்கையே சோதித்ததாக அது இருக்க வேண்டும். விளம்பரத் தாள் போதாது. ஐஎஸ்ஓ 9001 சான்றைக் காட்டினாலும் போதாது, அது கம்பெனியின் நிர்வாக முறைக்குத் தருவது. ரப்பரைப் பற்றி எதுவும் சொல்லாது.

சறுக்குமரத்தின் மேல்தட்டு சுமார் 6 அடி உயரம். அங்கிருந்து பிள்ளை விழுந்தால் தலைக்கு அடி படாமல் தாங்கும் கனம் இந்தத் தரைக்கு உண்டா என்பதற்கு ஈஎன் 1177 என்னும் ஐரோப்பியத் தர முறைப்படி செய்த சோதனை அறிக்கை இருந்தால் அதையும் தரவும்.

அறிக்கை எதுவும் கைவசம் இல்லையென்றால் மாதிரி எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். செலவில் பங்கு தர நானும் இன்னும் சில பெற்றோரும் தயார். அதுவரை பெயர்ந்த இடத்தைக் கயிறு கட்டி மறைத்து, விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளைச் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்ல வேண்டுகிறேன்.

ஜூலை 5ஆம் தேதிக்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும். சனிக்கிழமைகளில் நேரில் வரவும் முடியும். சாக்ஸில் கிடைத்த துகளைக் கவரில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. செல்வகுமார்