திருச்செங்கோடு பேக்கரி: ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது

அக்கா, நீ கொடுத்த மூன்று நோட்டையும் பில் கட்டையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். "கூட்டம் இருக்கு, கல்லாவும் நிறையுது, மாசக் கடைசியில ஒண்ணும் நிக்கல" என்று மாமா சொல்வது நிஜம்தான். கடை இப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 8,275 ரூபாய் விற்கிறது, ஆனால் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்பதற்கே 9,660 விற்க வேண்டும். இந்த எண் எப்படி வந்தது என்று கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில், ஒரு பப்ஸ்கூட விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் போகிற காசு. வாடகை 22,000, மாஸ்டர் சம்பளம் 28,000, உதவிப் பையன் 15,000, கவுண்டரில் நிற்கிற பெண்ணுக்கு 12,000, ஃப்ரீசருக்கும் கண்ணாடி ஷோகேஸுக்கும் விளக்குக்கும் கரண்ட் 6,500, ஓவனும் மிக்ஸரும் வாங்கிய நாலரை லட்சம் கடனுக்குத் தவணை 9,800, போன், கேமரா, லைசென்ஸ், ஓவன் சர்வீஸ், துடைப்பம் சோப்பு வரை சில்லறை 3,700. ஆக 97,000. தவணையில் அசல் பகுதியைச் செலவாகப் போடக்கூடாது என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள், சரிதான், ஆனால் மாதா மாதம் 5ஆம் தேதி அக்கவுண்டிலிருந்து அது போயே தீரும் என்பதால் முழுசாகவே போட்டிருக்கிறேன். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், அதைச் சேர்க்கவில்லை.

இதில் உன் சம்பளம் எங்கே? நோட்டில் எங்குமே இல்லை. காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை கடையில் நிற்கிறவளுக்கு 20,000 கூடப் போடவில்லை என்றால் அது கணக்கே இல்லை. நீ இல்லாவிட்டால் இன்னொரு ஆளை வைத்துத்தானே ஆக வேண்டும்? அதையும் சேர்த்தால் மாதம் 1,17,000, ஒரு நாளைக்கு 3,900. கடை திறந்தாலும் மூடினாலும் இந்த 3,900 போகும்.

அடுத்து, பண்டத்துக்குப் பண்டம் ஆகிற செலவு. முட்டை பப்ஸ் ஒன்றுக்கு மைதாவும் மார்ஜரினும் 5.20, அரை முட்டை 3, வெங்காய மசாலா 1.80, கேஸ் 80 பைசா, பேப்பர் கவர் 20 பைசா, மொத்தம் 11 ரூபாய். கேஸில் கொஞ்சம் தகராறு இருக்கிறது, ஓவனைச் சூடேற்ற ஆகிற கேஸ் ஐம்பது பப்ஸ் போட்டாலும் இருநூறு போட்டாலும் ஒன்றுதான், ஆனாலும் பிரித்துப் பார்க்க முடியாததால் இதிலேயே வைத்துவிட்டேன். விற்பது 20க்கு, மீதி 9. பப்ஸ் மட்டுமே விற்கிற கடையாக இருந்தால் 1,17,000ஐ 9ஆல் வகுத்து மாதம் 13,000 பப்ஸ், அதாவது ஒரு நாளைக்கு 433 என்று முடித்துவிடலாம்.

ஆனால் மாஸ்டர் போடுகிற நூறில் எட்டு ராத்திரி மிஞ்சுகிறது. நாய்க்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிற அந்த எட்டுக்கும் மைதா செலவாகிறது, விற்ற தொண்ணூற்றிரண்டுதான் அதைச் சுமக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு பப்ஸின் அடக்கம் 12, மீதி 8தான். அதே 433 இப்போது 488 ஆகிவிட்டது, ஒரு ரூபாய் வித்தியாசத்தில்! பன்னுக்கும் பிரெட்டுக்கும் இதே மாதிரி மிச்சம் விழுவதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். கேக் பெரும்பாலும் ஆர்டரில் போவதால் வீணாவது இல்லை.

| பண்டம் | விலை | அடக்கம் | ஒன்றில் மீதி | ஒரு நாள் விற்பனை | ஒரு நாள் மீதி |
|---|---|---|---|---|---|
| முட்டை பப்ஸ் | 20 | 12 | 8 | 160 | 1,280 |
| தேங்காய் பன் | 25 | 15 | 10 | 70 | 700 |
| பிரெட் | 45 | 29 | 16 | 35 | 560 |
| அரைக் கிலோ கேக் | 350 | 190 | 160 | 5 | 800 |

8,275 விற்றால் கையில் மீதி 3,340. அதாவது நூறு ரூபாய் விற்றால் சுமார் 40 ரூபாய் 36 பைசா. தினச் செலவு 3,900ஐ இந்த விகிதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 9,660 வருகிறது, மேலே சொன்ன எண் இதுதான். தினமும் 560 துண்டு விழுகிறது, மாதத்துக்கு 16,800. உன் சம்பளமான 20,000இல் கடை உனக்குக் கொடுத்தது வெறும் 3,200. நீ சம்பளம் எடுக்காததால்தான் இதுவரை கடை நட்டம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த 560ஐ எங்கே பிடிப்பது? பப்ஸிலேயே பிடிப்பதென்றால் தினம் 70 பப்ஸ் கூடுதலாக விற்க வேண்டும், நம் தெருவில் அது நடக்காது. கேக்கில் என்றால் நான்கே நான்கு அரைக் கிலோ. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மாஸ்டர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரம் கேக்குக்குத்தான். நான்கு கஷ்டம் என்றால் இரண்டு கூட்டு, கூடவே பப்ஸை 22 ஆக்கு. சில்லறைப் பிரச்சினை என்று மாமா சொல்வார், இப்போது பாதிப் பேர் போனில்தான் காசு அனுப்புகிறார்கள். விலை ஏற்றினால் ஆள் குறையாதா என்று கேட்டால், குறையலாம், ஆனால் ஒன்றில் மீதி 10 ஆகிவிடுவதால் 160 பப்ஸ் 128 ஆகக் குறைகிற வரை பப்ஸில் இப்போது வருகிற மீதி குறையாது. விற்பனை குறையாமல் இருந்தால் பப்ஸில் 320, கேக்கில் 320, மொத்தம் 3,980. செலவைத் தாண்டி தினம் 80 ரூபாய், மாதம் 2,400.

இந்த 2,400ஐ நம்பி எதுவும் வாங்கிவிடாதே. நாமக்கல்லில் முட்டை விலை ஒரு ரூபாய் ஏறினால் பப்ஸுக்கு 50 பைசா, 160 பப்ஸுக்கு 80 ரூபாய், அதோடு அது காலி. இந்தோனேசியா 2022 ஏப்ரலில் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது மாதிரி மார்ஜரின் விலை எகிறினால் கேட்கவே வேண்டாம். அதனால் வீணாவதையும் குறைத்தாக வேண்டும். நூற்றுக்கு எட்டு நான்கானால் பப்ஸில் மட்டும் மாதம் சுமார் 2,400 மிஞ்சும், சாயங்காலம் ஆறரைக்குப் போடுகிற கடைசித் தட்டைப் பாதியாக்கினாலே போதும் என்று நினைக்கிறேன்.

13,000க்கு இன்னொரு பையன் வைக்கலாம் என்றாயே, அதை இப்போதைக்கு விடு. அவன் வந்த நாளிலிருந்து தினம் 1,075 ரூபாய் கூடுதலாக விற்றால்தான் அவன் சம்பளமே வரும். புது வருஷக் கேக் சீசனுக்கு மட்டும் பத்து நாள் கூலிக்கு ஆள் போட்டுக்கொள்ளலாம், டிசம்பர் விற்பனையைத் தனி நோட்டில் எழுது, அதை மற்ற மாதங்களோடு கலந்தால் சராசரி ஏமாற்றும்.

திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் பப்ஸ், பன், பிரெட் எத்தனை மிஞ்சியது என்று எண்ணி எழுதச் சொல். எட்டு என்பது கவுண்டர் பெண் வாய்க்கணக்காகச் சொன்னது, பதினைந்து நாள் நிஜ எண்ணிக்கை வந்ததும் திரும்பப் போட்டுத் தருகிறேன்.