வலிக்காத காலைத்தான் முதல்ல பாக்கணும்

(கும்பகோணத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில், மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிற அய்யா, இந்தப் பக்கம் நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காருங்க. இன்னிக்குக் காலைப் பத்தித்தான் பேச்சு. உங்கள நிக்க வச்சுட்டு நான் பேசினா நல்லா இருக்காது.

நான் அரசு மருத்துவமனையில சர்ஜரி வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கால் புண்ணுக்குக் கட்டுப் போடறதுதான் அங்க பாதி வேலை. புதுசா ஒருத்தர் வந்தா, "எப்படிங்க அடிபட்டுச்சு?"ன்னு கேப்போம். "தெரியலயேம்மா"ம்பாங்க. "எத்தன நாளா இருக்கு?" "அதுவும் தெரியல. தரையில ரத்தம் பட்டிருக்குன்னு மருமகதான் சொன்னா." பொய் இல்ல, அவங்களுக்கு நெசமாவே தெரியாது. முள்ளு குத்தினது, ஆணி குத்தினது, கொப்புளம் உடைஞ்சது எதுவும் வலிச்சிருக்காது.

சர்க்கரை பல வருஷமா கட்டுப்பாட்டுல இல்லன்னா, பாதத்துக்குப் போற நரம்புதான் முதல்ல கெடும். பி12 சத்துக் குறைவு, ரொம்ப நாள் குடிப்பழக்கம், இதுலயும் அப்படி ஆகும். வயசானாலே பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் மங்கும். அதனால "எனக்குக் கால் வலியே இல்லம்மா"ன்னு யாராவது பெருமையாச் சொன்னா எனக்குப் பயமாத்தான் இருக்கும். வலிக்கிறவர் டாக்டர்கிட்ட ஓடிடுவார். வலிக்காதவர் புண்ணு மேலேயே மிதிச்சு மிதிச்சு நடந்துக்கிட்டிருப்பார்.

இது வேலூர்ல வச்சே கண்டுபிடிச்ச சங்கதி. பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர். வெள்ளைக்காரர், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில, 1914-ல. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிங்களப் பாத்தார். நோயே விரலைத் தின்னுடுதுன்னு ஜனங்க நம்பின காலம் அது. அப்படி இல்ல, மரத்துப் போன காலுல படற காயமும் சூடும்தான் விரலைக் கொண்டு போகுதுன்னு அவர் காட்டினார். ராத்திரி எலி வந்து விரலைக் கடிச்சாக்கூடத் தெரியாம தூங்கியிருக்காங்க. அதுக்காகவே நோயாளிங்க பூனை வளர்த்தாங்க. சிரிக்காதீங்க, சர்க்கரைக்காரங்க காலை எலி கடிக்கிறது இப்பவும் நடக்குது. நானே கட்டுப் போட்டிருக்கேன். தரையில பாய் போட்டுப் படுக்கிறவங்க காலை நல்லாப் போர்த்திக்கிட்டுப் படுங்க.

வலி சொல்லலன்னா யார் சொல்லணும்? கண்ணுதான். தினம் குளிச்சுட்டு வந்ததும் வெளிச்சத்துல நாற்காலி போட்டு உக்காந்து ரெண்டு பாதத்தையும் பாருங்க. மேல்பக்கம் எல்லாரும் பாப்பாங்க. புண்ணு இருக்கிறது அடியில, குதிகாலோட ஓரத்துல, விரலுக்கு நடுவுல. குனிய முடியலன்னா முகம் பாக்கிற கண்ணாடியைத் தரையில வச்சு அது மேல பாதத்தைக் காட்டுங்க. அதுவும் கஷ்டம்னா பேரப் பிள்ளையக் கூப்பிட்டு அடிப்பாதத்தைப் போன்ல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிப் பெருசாக்கிப் பாருங்க. அந்தப் போன்ல எவ்வளவோ பாக்கறோம், இதையும் பாக்கலாம்.

பாத்து முடிச்சதும் புறங்கையால ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சூடா, வீங்கி, சிவந்து இருந்தா, வலி இல்லாட்டியும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டு இருந்தாலும் மரத்துப் போன காலு சொல்லாது.

கழுவறதுக்கு வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போதும். சூடு பாக்கக் காலை விடாதீங்க, முழங்கையை விட்டுப் பாருங்க. பக்கெட்டுல வெந்நீர் ஊத்தி உப்புப் போட்டு அரை மணி நேரம் காலை ஊற வைக்கிறது நம்ம ஊர்ல பெரிய வைத்தியம். மரத்த காலுக்கு அது வேணவே வேணாம். வெந்தாலும் தெரியாது, ஊறின தோல் சீக்கிரம் கிழியும். ஒத்தடமும் அப்படித்தான். கழுவினதும் பழைய வேட்டித் துணியால விரல் இடுக்கெல்லாம் ஈரம் போக ஒத்தி எடுங்க. குதிகாலுக்கும் அடிப்பாதத்துக்கும் தேங்காய் எண்ணெய் போடலாம், வெடிப்பு குறையும். விரல் இடுக்குல மட்டும் போடாதீங்க, அங்க ஈரம் நின்னா சேத்துப்புண்ணு வரும். எண்ணெய் தடவின காலோட உடனே எழுந்து டைல்ஸ் தரையில நடக்காதீங்க. ராத்திரி படுத்த பிறகு தடவிக்கிறது நல்லது.

துவைக்கிற கல்லுல குதிகாலைத் தேய்க்கிற பழக்கம் இங்க எத்தன பேருக்கு இருக்கு? கையத் தூக்க வேணாம், தெரியும். உணர்ச்சி நல்லா இருக்கிறவங்க மெதுவாத் தேச்சா பரவாயில்ல. இல்லாதவங்க தோலோட உரிச்சு எடுத்துட்டு வர்றாங்க. நகத்தைக் குளிச்ச பிறகு, அது இளகியிருக்கும்போது, நகவெட்டியால நேரா வெட்டுங்க. ஓரத்துல தோண்டாதீங்க. பிளேடு கூடவே கூடாது. நகம் தடிச்சுப் போனவங்களும் கண்ணு சரியாத் தெரியாதவங்களும் தாங்களே வெட்டிக்க வேணாம். கால் ஆணிக்கு மெடிக்கல் ஷாப்புல ஒட்டறதுக்கு விக்கிற பிளாஸ்திரியில ஆசிட் இருக்கு. அது ஆணியை மட்டும் பாத்து அரிக்காது, பக்கத்துத் தோலையும் சேத்து அரிக்கும்.

அக்காமாருக்கு ஒண்ணு. கல்யாணத்தப்ப போட்ட மெட்டி விரல் வீங்கி இறுகிப் போயிருந்தா, சென்டிமென்ட் பாக்காம தட்டான்கிட்ட போய் வெட்டி எடுத்து, பெருசாப் பண்ணிப் போட்டுக்கங்க. அதுக்கு அடியில ஈரம் தங்கிப் புண்ணாகி, விரலே போகிற நிலைக்கு வந்தவங்களப் பாத்திருக்கேன்.

கோயிலுக்குப் போகாதீங்கன்னு இந்த ஊர்ல யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா சித்திரை வெயில்ல, பகல் பதினொரு மணிக்கு மேல, கருங்கல் பிரகாரத்துல சுத்த வேணாம். காலையில நடை திறந்ததும் போங்க, இல்லன்னா சாயங்காலம் போங்க. போயே ஆகணும்னா தடிச்ச பருத்தி சாக்ஸ் போட்டுக்கிட்டு, விரிப்பு போட்ட இடமாப் பாத்து நடங்க. சுடறது தெரியாம மூணு சுத்து சுத்திட்டு, மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளத்தோட வருவாங்க. பைக்குல பின்னாடி உக்காரும்போது சைலன்சரும் அப்படித்தான்.

இப்ப செருப்பு. உள்ள வரும்போது வாசல்ல கிடந்த செருப்பையெல்லாம் நின்னு பாத்தேன். யாரும் கோவிச்சுக்காதீங்க. ஒண்ணுல வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கு. அந்த ஊக்கோட முனை உள் பக்கம் இருக்கு. இன்னொண்ணு அடி தேஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. கிழியலன்னு அதையே ஈரத் தரையிலயும் போட்டு நடந்தா, இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில விழறதுல போய் முடியும். பாதிக்கு மேல ஹவாய் செருப்பு. கட்டை விரல் இடுக்குல வார் உரசும். பிடிமானம் இல்லாததால விரலை மடக்கி இழுத்துக்கிட்டே நடக்கணும். உணர்ச்சி இல்லாதவங்களுக்குச் செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம பத்தடி தள்ளிப் போயிருப்பாங்க.

பின்னாடி வார் உள்ளதாப் பாருங்க. முன்பக்கம் அகலமா, ஒட்டற பட்டை வச்சதா இருந்தா வீக்கத்துக்குத் தகுந்த மாதிரி தளர்த்திக்கலாம். குதிகால் உயரம் ஒரு அங்குலத்தத் தாண்ட வேணாம். அடியில வரி வரியாப் பிடிமானம் இருக்கணும். கையில எடுத்து வளைச்சுப் பாருங்க. விரல் மடியிற இடத்துல வளையணும், நட்டநடுவுல துணி மாதிரி மடங்கினா வேணாம். பாதத்துல உணர்ச்சி போனவங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு நல்லது. உள்ள மெத்துன்னு ஒரு ரப்பர், கீழ கெட்டி அடி. நான் சொன்ன அந்தத் தொழுநோய் வேலையிலேருந்து நமக்கு வந்து சேந்ததுதான் அது. ஆணி அடிக்காம ஒட்டித் தைச்சதா வாங்குங்க.

கடைக்குச் சாயங்காலம் போங்க. நாள் பூரா நின்னு நடந்து கால் அப்ப கொஞ்சம் உப்பியிருக்கும். போறதுக்கு முன்னாடி வீட்டுல பேப்பர் மேல நின்னு, ரெண்டு பாதத்தையும் சுத்தி வரைஞ்சு வெட்டி எடுத்துட்டுப் போங்க. அந்தப் பேப்பரைக் கடைச் செருப்புக்குள்ள வச்சா மடங்கக் கூடாது. மடங்கினா அது உங்க செருப்பு இல்ல, கடைக்காரர் "போடப் போட விடும்"னு சொன்னாலும் சரி. மரத்த காலுக்கு அது விடறதுக்குள்ள கொப்புளம் வந்துடும். முன்னாடி கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். புதுசை முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம் மட்டும் வீட்டுக்குள்ள போட்டு, கழட்டினதும் சிவந்திருக்கான்னு பாருங்க. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்கறோம், செருப்பை மட்டும் கிடைச்சதப் போட்டுக்கிட்டு வர்றோம்.

ஒவ்வொரு தடவையும் போடறதுக்கு முன்னாடி தலைகீழாத் தட்டி, உள்ள கையை விட்டுத் தடவுங்க. கல்லு இருக்கும், ஆணி முனை நீட்டியிருக்கும், பேரனோட கோலிகுண்டுகூட இருக்கும். வீட்டுக்குள்ள போட்டுக்கத் தனியா ஒரு ஜோடி வச்சுக்கங்க. வெறும் சாக்ஸோட டைல்ஸ்ல நடக்கிறது வழுக்கி விழறதுக்கு நேர் வழி. ராத்திரி பாத்ரூம் போகும்போது, லைட்டைப் போட்டு, செருப்பைப் போட்டு, அப்பறம்தான் எழுந்திரிக்கணும்.

புண்ணு வந்துட்டா மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேணாம். சுத்தமான தண்ணியில கழுவி, சுத்தத் துணியால மூடிக்கிட்டு, மறுநாள் தள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. கறுப்பாயிட்டா, நாத்தம் வந்தா, சீழ் வந்தா, கூடக் காய்ச்சலும் இருந்தா ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்காலைப் பிடிச்சு இழுக்குது, நின்னா சரியாகுதுன்னா ரத்த ஓட்டத்தப் பாக்கணும். பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இது அதிகம். 2021-லேருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கறாங்க இல்ல, அவங்க வரும்போது காலையும் காட்டுங்க. கூச்சப்பட்டு மறைச்சு வைக்காதீங்க.

கடைசியா ஒரு சோதனை, இங்கயே செய்யலாம். இங்கிலாந்துல இப்ஸ்விச்சுங்கிற ஊர்ல டாக்டர்ங்க கொண்டு வந்த முறை, விரல் நுனி போதும், கருவி வேணாம். பக்கத்துல இருக்கிறவரோட ஜோடியாச் சேருங்க. ஒருத்தர் கண்ணை மூடிக்கணும். மத்தவர் அவரோட வலது காலுல கட்டை விரல், சுண்டு விரல், அப்பறம் இடது காலுல கட்டை விரல், சுண்டு விரல், கடைசியா ரெண்டு காலுலயும் நடு விரல், இதோட நுனிகளத் தன் ஆட்காட்டி விரலால பூப்போல ஒரு ரெண்டு செகண்ட் தொடணும். அழுத்தாதீங்க, தட்டாதீங்க, ஒரு இடத்த ரெண்டு தடவை தொடாதீங்க. தொட்டது தெரிஞ்சா "வலது", "இடது"ன்னு சொல்லணும். ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா, என் மேசைக்கு வாங்க. பேரை எழுதிக்கிட்டு எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்றேன். வரும்போது வாசல்லேருந்து உங்க செருப்பையும் எடுத்துட்டு வாங்க. அந்த ஊக்குச் செருப்புக்காரர் முதல்ல வாங்க.