போச்சம்பள்ளி அத்தைக்கு இரண்டு பதில்கள்

இணையத்தில் போட்ட படத்தின் கீழே, எல்லோரும் பார்க்க எழுதியது:

அத்தை, வணக்கம். படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு நன்றி. அதில் நன்றாக இருப்பது நானில்லை, பின்னால் அடுக்கியிருக்கும் மாம்பழம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்விட்டு வேறு எதைப் படம் எடுப்பது? மல்கோவா, இமாம் பசந்து எல்லாம் பெயர் அட்டையோடு உட்கார்ந்திருந்தன. அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, “நம் அத்தை வீட்டுச் செந்தூரா இதைவிடப் பெரிது” என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கல்யாணச் சாப்பாடு எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சேதியை நீங்கள் போனில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவோமா? அப்பாவும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு உங்கள் வாசலுக்கு வந்து சொல்வார்கள். அதுவரை இந்தப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும்.

காவேரிப்பட்டணம் மாமா, இலை போட்டு உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், பந்திக்கு நாங்களே கூப்பிடுகிறோம். பசி பொறுக்காது என்றால் இன்றைக்கே வீட்டுக்கு வாருங்கள், களியும் கொள்ளுக் குழம்பும் தயார். மத்தூர் அண்ணி, மாதம் குறிக்கும் வேலையை ஜோசியருக்கு விட்டுவிடுங்கள், அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். எல்லோரும் மாம்பழத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அன்று இரவு அத்தைக்குத் தனியாக அனுப்பியது:

அத்தை,

படத்தின் கீழே நான் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அத்தனை பேர் முன்னால் அவ்வளவுதான் சொல்ல முடியும். மீதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டதில் தவறில்லை. கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் தோட்டத்துக் குத்தகைப் பணம் கைக்கு வந்ததும், வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த அந்தத் தொகையில் என் விடுதிக் கட்டணத்தைக் கட்டியவர் நீங்கள். மாமா அந்த மழைக்காலம் முழுவதும் ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துச் சமாளித்தார். இதையெல்லாம் மறந்துவிட்டு, நீங்கள் யார் கேட்பதற்கு என்று சொல்லும் ஆளில்லை நான். கேட்ட இடம்தான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

உங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் நீங்கள், மாமா, நான், மூன்று பேரோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே கேட்டால் ஓசூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள், கூடப் படித்தவர்கள் பார்க்கிறார்கள், தரகர் பார்க்கிறார். யாரென்றே தெரியாத இரண்டு பேர் வந்து “வாழ்த்துகள்” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், பார்த்தீர்களா? எதற்கு வாழ்த்து என்று அவர்களுக்கே தெரியாது. அண்ணி ஒரு படி மேலே போய் ஆவணியில் என்று கேள்விப்பட்டதாக எழுதிவிட்டார். நீங்கள் ஆசையாக ஒரு வரி கேட்டீர்கள், சாயங்காலத்துக்குள் அதற்கு மாதமே குறித்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்கு மறுநாள் காலையில் மேலாளர் கூப்பிட்டார். வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. “கல்யாணம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடம்மா, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என்னோடு அதே பட்டியலில் இருக்கும் பையனிடம் அவர் இதைக் கேட்கவில்லை. பட்டியலில் பெயர் வருவதற்கு நான் எவ்வளவு ராத்திரி ஷிப்ட் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும், போனில் புலம்பியதெல்லாம் உங்களிடம்தானே.

அம்மாவின் பாடு அதைவிட மோசம். காய் வாங்கப் போன இடத்தில் ஒருவர் நிறுத்தி, “முடிவாகிவிட்டதாமே, எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீர்களா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா தக்காளியை எடை போடச் சொல்லிவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, பையை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார். கடைக்காரர் தெரிந்த பையனிடம் கொடுத்தனுப்பியதால் தக்காளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று முழுக்க அம்மா யாருடைய போனையும் எடுக்கவில்லை.

வரன் பார்க்கிறார்களா, எங்கே பார்க்கிறார்கள், எதில் நிற்கிறது என்பதையெல்லாம் உங்களிடமும் இப்போது சொல்லப் போவதில்லை, அத்தை. மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மா பூத்ததும் வியாபாரி வந்து மரத்துக்கு விலை பேசிவிடலாம், ஆனால் பூவெல்லாம் காயாவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் சொந்தத்திலேயே நடந்ததுதான். ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லி, பிறகு அந்தச் சம்பந்தம் தட்டிப்போய், அந்தப் பெண் ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் வராமல் இருந்தாளே. பிள்ளை வீட்டாருக்கு ஒன்றுமில்லை, அடுத்த மாதமே வேறு இடம் பார்த்தார்கள். “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டதெல்லாம் அவளைத்தான். அவளுக்காக நீங்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். தவிர, இப்படி ஒரு பேச்சு நடந்தால் அதில் இன்னொரு குடும்பமும் இருக்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் விஷயத்தை நான் எப்படி வெளியே விடுவது?

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். என்னைப் பற்றி என்ன கேட்க வேண்டுமென்றாலும் எனக்குப் போன் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் என்றால் கட்டாயம் எடுப்பேன். சில நேரம் “இப்போது அதைப் பற்றிப் பேச வேண்டாம் அத்தை” என்றுதான் சொல்வேன். அப்போது மாமாவின் கால்வலி பற்றியும், இந்த வருடம் பெங்களூரா மாங்காய் என்ன விலைக்குப் போனது, கூழ் ஆலைக்காரர்கள் என்ன தந்தார்கள் என்றும் பேசுவோம். வேறு யாராவது உங்களிடம் என் கல்யாணத்தைக் கேட்டால், “அவர்கள் வீட்டில் சொல்வார்கள்” என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அப்படிச் சொல்லிவிட்டால் நம் சொந்தத்தில் அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. காவேரிப்பட்டணம் மாமாவே வாயை மூடிக்கொள்வார்.

நீங்கள் எழுதியதை நீக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். நீக்கினால் அத்தைக்கும் மருமகளுக்கும் சண்டை என்று அண்ணி புதிதாக ஒன்று ஆரம்பிப்பார்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதில் நான் கை வைக்க முடியாது, அம்மா விட மாட்டார். மூன்றாவது உங்களுக்கு. அது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் போச்சம்பள்ளி சந்தைக்கு வருகிறோம். மதியம் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா முகம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள், ஒரு டம்ளர் காபி உள்ளே போனால் சரியாகிவிடுவார். மாமாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா? சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், கிருஷ்ணகிரியிலேயே வாங்கிக்கொண்டு வருகிறேன்.