நேற்றைய விற்பனையை மட்டும் வைத்து விளம்பரங்களை நிறுத்துவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமை காலை தாங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. செவ்வாயன்று இணையதளத்தில் நான்கு கிரைண்டர்கள் மட்டுமே விற்றிருப்பதால் செயல்முறை வீடியோ விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றும், இனி தினமும் காலை ஒன்பது மணிக்கு முந்தைய நாள் விற்பனையைப் பார்த்து, செலவுக்கு ஏற்ற விற்பனை தராத விளம்பரத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். "நேற்று ஓடியது, நேற்று விற்றது, அவ்வளவுதான் கணக்கு" என்ற தங்கள் வரியையும் கவனித்தேன். அந்த வீடியோவை நான் இன்னும் நிறுத்தவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லாமல் தங்கள் சொல்லைத் தள்ளிவைப்பது முறையல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

நமது இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரின் விலை 6,500 ரூபாய். இந்த விலையில் உள்ள பொருளை, அதுவும் பத்து வருடம் வீட்டில் இருக்கப்போகும் பொருளை, பார்த்த மாத்திரத்தில் வாங்குகிறவர்கள் குறைவு. கடந்த இரண்டு மாதத்தில், விளம்பரத்தை முதலில் கிளிக் செய்தது முதல் பணம் கட்டியது வரை தடம் முழுதாகத் தெரிந்த 272 ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் கிளிக் செய்த அன்றே வந்தவை 87 மட்டும். ஏழு நாட்களுக்குள் வந்தவற்றைச் சேர்த்தால் 219 ஆகிறது. மீதி 53 அதற்கும் பிறகு வந்தவை. அதாவது, நேற்று செலவழித்த பணம் கொண்டுவரப்போகும் ஆர்டர்களில் மூன்றில் ஒரு பங்குதான் இன்று காலை நம் கண்ணுக்குத் தெரிகிறது. நேற்று விற்ற கிரைண்டர்களில் பெரும்பாலானவையோ போன வாரச் செலவின் பலன்.

ஒரே ஓர் ஆர்டரைக் காட்டுகிறேன். மதுரையிலிருந்து ஒருவர் வியாழன் இரவு பத்தரை மணிக்குப் பிறகு கைப்பேசியில் நமது வீடியோவைப் பார்த்து உள்ளே வந்து, கல்லின் படத்தை நான்கைந்து முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை கூகுளில் நமது கடைப் பெயரைத் தட்டச்சு செய்து, மேலே வந்த நமது தேடல் விளம்பரம் வழியாகத் திரும்ப வந்தார். ஞாயிறன்று வாட்ஸ்ஆப்பில் மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்டார். திங்கள் மதியம் மடிக்கணினியில் ஆர்டர் போட்டார். தங்கள் காலைத் தாளில் இந்த விற்பனை திங்கட்கிழமைக்கு, கூகுள் விளம்பரத்தின் பெயரில் ஏறியிருக்கிறது. வியாழக்கிழமை வீடியோவுக்கு நேராகப் பூஜ்யம். கடைப் பெயரைத் தேடி வருகிறவர் நம்மை ஏற்கெனவே அறிந்தவர். அவரை நம்மிடம் கொண்டுவந்ததற்கான பெயர் யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லலாம். நேற்றைய விற்பனை என்ற அளவுகோலில் கூகுள் தேடல் விளம்பரம் என்றைக்கும் தேறிவிடும், வீடியோ அடிக்கடி தோற்கும். வீடியோவை நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு விற்பனை பெரிதாகக் குறையாது என்பதுதான் இதில் ஆபத்தானது. நிறுத்தியது சரி என்றே தோன்றும்.

இந்த வீடியோவை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் காட்டும் மெட்டாவின் அறிக்கையும் இதே காரணத்தால் பின்னால் மாறிக்கொண்டே இருக்கிறது. வழக்கமான அமைப்பில் அது கிளிக் செய்த ஏழு நாட்களுக்குள் நடந்த விற்பனையை, விற்ற நாளில் அல்லாமல், விளம்பரம் பார்க்கப்பட்ட நாளின் கணக்கில் சேர்க்கிறது. இம்மாதம் 3ஆம் தேதிக்கான வீடியோவின் அறிக்கையை 4ஆம் தேதி காலை எடுத்தபோது ஓர் ஆர்டர் காட்டியது. அதே 3ஆம் தேதியின் அறிக்கையை 11ஆம் தேதி எடுத்தபோது நான்கு காட்டியது. இரண்டு தாள்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது, தற்செயல். நமக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒன்பது ஆர்டர். இப்படிப்பட்ட சிறிய எண்ணிக்கை, எதுவுமே மாறாதபோதும், மூன்றிலிருந்து பதினைந்து வரை தானாக ஏறி இறங்கும். நான்கு அல்லது அதற்கும் குறைவான நாள் மாதத்தில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். அந்த ஒன்பதை மூன்று விளம்பரங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று. சராசரி மூன்று உள்ள விளம்பரம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏறக்குறைய இருபது நாளில் ஒரு நாள் பூஜ்யம் காட்டும். தாங்கள் சொல்லும் விதியின்படி நடந்தால், மூன்று நல்ல விளம்பரங்களை வைத்துக்கொண்டே மாதத்தில் நான்கைந்து முறை ஏதாவது ஒன்றை நிறுத்தியிருப்போம். செவ்வாய்க்கிழமையைத் தனியாகப் பரிசோதித்தேன். கிளிக்குகள், கார்ட்டில் சேர்த்தவர்கள், பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர்கள் என எல்லாம் வழக்கமான அளவிலேயே இருந்தன, எங்கும் பழுது இல்லை.

மேலும், மெட்டாவின் கணினி யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்று கற்றுக்கொள்ள, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் ஏறக்குறைய 50 விற்பனைகள் தேவை என்று அந்நிறுவனமே சொல்கிறது. மெட்டாவில் உள்ள நமது இரண்டு தொகுப்புகளும் தனித்தனியே 21 அளவில் நிற்கின்றன. இதில் பட்ஜெட்டை அடிக்கடி பெரிதாக மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் 42 வரும் என்பதால், அதைச் செய்யத் தங்கள் அனுமதி வேண்டும்.

தங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். நாளொன்றுக்கு 6,000 ரூபாய் கையைவிட்டுப் போகிறது, அதைத் தினமும் பார்க்காமல் விடுவது தவறு. ஆனால் தினமும் பார்ப்பது பழுதைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, விளம்பரத்தின் தரத்தைத் தீர்மானிக்க உதவாது. ஆகவே காலை அறிக்கையில் செலவு, கிளிக், கார்ட், பணம் கட்டுதலில் தோல்வி, கையிருப்பு ஆகிய ஐந்தையும் அனுப்புகிறேன். மூன்று நாள் செலவுக்குப் பிறகும் ஒருவர்கூடக் கார்ட்டில் சேர்க்காத விளம்பரத்தைத் தங்களைக் கேட்காமலே நிறுத்திவிடுவேன்.

தீர்ப்பைத் திங்கட்கிழமைகளுக்கு வைத்துக்கொள்வோம். அன்று பார்ப்பது முந்தைய வாரத்தை அல்ல, அதற்கும் முந்தைய வாரத்தை. அதன் கிளிக்குகளுக்கு உரிய ஆர்டர்களில் பெரும்பகுதி அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். வீட்டில் வாங்கிக்கொள்ளாமல் திரும்பி வந்த கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களையும் அதில் கழித்துவிடலாம். பதினொரு கிலோ பெட்டி இருவழிக் கூரியர் செலவோடு திரும்பி வருவதை விற்பனை என்று எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. உற்பத்தி, வரி, கூரியர் போக ஒரு கிரைண்டரில் நமக்கு நிற்பது 1,400 ரூபாய் என்று தங்கள் கணக்காளர் சொன்னார். எனவே வாடிக்கையாளர் கையில் சேர்ந்த ஒரு கிரைண்டருக்கு விளம்பரச் செலவு 900 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வைப்போம். தொடர்ந்து இரண்டு வாரம் தாண்டினால் அந்த விளம்பரம் எதுவானாலும் நிற்கும். பத்தில் ஒன்று திரும்பி வருவதைக் கழித்த பிறகு, இன்று மொத்தத்தில் நாம் நிற்பது ஏறக்குறைய 740 ரூபாயில்.

வீடியோ உண்மையில் விற்பனையைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு இந்தக் கணக்குகளும் முழு விடை ஆகா. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: இதுவரை ஒரே அளவில் விற்பனையாகிவரும் மாவட்டங்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவில் மட்டும் மூன்று வாரத்துக்கு வீடியோவை நிறுத்திவிட்டு, இரு குழுக்களின் மொத்த விற்பனையையும் ஒப்பிடுவது. டீலர் கடைகளின் விற்பனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்குகிறவர்கள் நம் இணையதளக் கணக்கில் வருவதில்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டால் முடிவு தெளிவாக இருக்காது என்பதால், வரும் திங்களன்றே தொடங்குவது நல்லது. நிறுத்திய மாவட்டங்களில் விற்பனை குறையவில்லை என்றால், வீடியோவை எல்லா இடத்திலும் நானே நிறுத்துகிறேன்.

மாவட்டப் பட்டியலைச் சனிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அந்த மாவட்டங்களில் உள்ள டீலர்களின் வாராந்திர விற்பனை விவரத்தைத் தருமாறு தங்கள் விற்பனை மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விளம்பரத் தரவு ஆய்வாளர்